எழுபது டிகிரி வரைக்கும்

கிருஷாந்தியின் முகத்தைப் பார்த்து அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லக்கூடியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருமில்லை. கொரோனாக் காலத்தில் அவள் அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை, உடலையும் கண்ணில் காட்டவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டு வரிசையான லயமே வாய்விட்டு அழுதபோது இவள் மட்டும் வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழ வேண்டிய நேரத்தில் அழாத ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை. நான் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்துக்காகச் சத்தம் போட்டே தொண்டை கெட்டவன்.

லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அவள் வேலை செய்வது ஹட்டன் டவுனில், பிரதாப் என்பவரின் ரிப்பேர் கடையில். டிவி, ரேடியோ எல்லாம் அங்கே சும்மா பேருக்குத்தான். கடை ஓடுவது தேயிலைத் தொழிற்சாலைகளின் கண்ட்ரோல் பெட்டிகளால். காற்றாடிக்கு, அடுப்புக்கு, தராசுக்கு என்று ஒவ்வொரு ஃபேக்டரியிலும் ஏதோவொரு பெட்டி இருக்கிறது, அது அடிக்கடி கெட்டும் போகிறது. டெக்னிக்கல் கொலேஜில் படித்துவிட்டு அந்தக் கடையில் சேர்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். காலை பஸ்ஸில் போவாள், இருட்டும் முன் வருவாள். கல்யாணப் பேச்சு இரண்டு வந்து இரண்டும் நின்றது. அதற்கும் அவள் முகம் மாறவில்லை.

அண்ணன் முத்துலிங்கமும் அண்ணி காளியாயியும் அவளும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றில் இருந்தார்கள். முத்துலிங்கத்துக்கு எங்கள் ஃபேக்டரியில் ட்ரையரில் வேலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்த பிறகு சூட்டுக் காற்றில் காய வைக்கிற மெஷின்தான் ட்ரையர். பக்கத்தில் விறகு அடுப்பு. அந்த அடுப்பை ஊதுகிற காற்றாடியை ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும். சூடு ஏறினால் காற்றாடியை நிறுத்தும், இறங்கினால் போடும், எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் காட்டும். பிரதாப் கடையில் செய்த பெட்டிதான் அது. ஒன்றாம் ட்ரையருக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று.

ஒன்றாம் ட்ரையரின் பெட்டிக்கு ஒரு வியாதி இருந்தது. மத்தியானம் தாண்டினால் சில நாட்களில் அது தூங்கிவிடும். எழுத்து ஒரே இடத்தில் நின்றுவிடும். முத்துலிங்கம் கதவைத் திறந்து, ஒரு தட்டை எடுத்து விசிறி, சுவிட்சை அணைத்துப் போடுவான். மறுபடி ஓடும். "பெட்டி தூங்கிருச்சு" என்பது ஃபேக்டரியில் ஒரு பகிடி. கடையிலிருந்து ஆள் வந்து பார்ப்பது எப்போதும் காலையில், அடுப்பு மூட்டும் முன். காலையில் பெட்டிக்கு ஒரு குறையும் இருக்காது. ஆகவே ட்ரையரில் கொழுந்து போட ஒருவன், பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க முத்துலிங்கம் என்று இரண்டு ஆள் வேலை வழக்கமாகிவிட்டது.

போன ஆடி மழையில் அந்தப் பெட்டி யாருக்கும் தெரியாமல் தூங்கியது. தொண்ணூற்றெட்டு என்று காட்டியபடி நின்றுவிட்டது. தொண்ணூற்றெட்டு சரியான சூடு, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காற்றாடி மட்டும் நிற்காமல் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தது. கருகல் வாடை வந்த பிறகுதான் முத்துலிங்கம் ஓடிப்போய் காற்றாடியை அணைத்தான். அதற்குள் உள்ளே இருந்த தேயிலை எல்லாம் கரியாகியிருந்தது. தீப்பிடிக்காமல் போனது ஆத்தா புண்ணியம். முன்பு அங்கே ஒரு முள் வைத்த சூட்டுமானி இருந்தது. பெட்டி வந்த பிறகு அதை யாரும் துடைக்கக்கூட இல்லை, கண்ணாடி முழுக்கப் புகைக் கறை.

மறுநாள் முத்துலிங்கத்தை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி விசாரணை வைத்தார்கள். குற்றம் என்னவென்றால், அவன் தன் ஈரக் கம்பளியைப் பெட்டியின் மேல் காயப் போட்டிருந்தான். தண்ணீர் உள்ளே இறங்கி பெட்டி கெட்டது என்றார்கள். மழைக் காலத்தில் ட்ரையர் பக்கம் கம்பளி காயப் போடாதவன் எந்த ஃபேக்டரியில் இருக்கிறான்? கணக்கப்பிள்ளையின் சுவெட்டரே அங்கேதான் காயும். ஆனால் அன்றைக்கு அகப்பட்டது இவன் கம்பளி. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். அந்தக் காம்பிராவில் தோட்டத்துப் பேர்ப் பட்டியலில் இருந்தது அவன் ஒருத்தன்தான். காளியாயி மூட்டுவலியால் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு நாளாகிவிட்டது. வேலை போனால் காம்பிராவும் போகும்.

"நா பாத்துக்கிட்டேதாங்க இருந்தேன் தலைவரே. தொண்ணூத்தெட்டுன்னுதான் காட்டுச்சு" என்று அவன் என் வீட்டு வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் சத்தம் போடத் தயாரானேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கிருஷாந்தி பின்னால் நின்று, "மாமா, பெட்டிய ஒரு தடவ நா தொறந்து பாத்துக்கிறேன். அதுக்கு மட்டும் கேட்டுக் குடுங்க" என்றாள். கடையில் ரொட்டி கேட்பது போலக் கேட்டாள்.

ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் சிவராசா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நேரான மனுசர். தடை சொல்லவில்லை. அவள் பெட்டியைத் திறந்தபோது நானும் நின்றேன். உள்ளே நாலு பக்கமும் ரெஜிஃபோம் என்கிற வெள்ளைப் பஞ்சு அட்டை ஒட்டியிருந்தது. காற்றுப் போக வேண்டிய துவாரங்களை எல்லாம் பசை போட்டு அடைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கிய தடம் எங்கேயும் இல்லை, துரு இல்லை. அவள் உள்ளே சர்க்கிட் பலகையில் இருந்த பெரிய கறுப்புச் சில்லை, பெட்டிக்கு மூளையான சிப்பை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அதன் மேல் எழுதியிருந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்தாள்.

"தண்ணி போகல மாமா."

"அப்ப என்னம்மா?"

"பாப்போம்."

அடுத்த நாள் அவளோடு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். போனது அவள் முதலாளி பிரதாப்பைக் கேட்க. பெட்டி அவருடையதல்லவா. அவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து உபசரித்தார். கிருஷாந்தி கம்ப்யூட்டரில் ஒரு தாளைத் திறந்து வைத்தாள். டேட்டா ஷீட் என்றாள். எலக்ட்ரானிக் சாமான் ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்த கம்பெனி எழுதி வெளியிடும் தாளாம் அது. எத்தனை வோல்ட் தாங்கும், எந்தக் காலில் என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு குளிரிலிருந்து எவ்வளவு சூடு வரைக்கும் வேலை செய்யும், எல்லாம் அதில் இருக்கிறது.

"மொதலாளி, நாம போட்டிருக்கிறது எண்ணோட கடைசியில சி எழுத்துள்ள சில்லு" என்றாள். "கொமர்ஷியல் கிரேட். சைபர்ல இருந்து எழுபது வரைக்கும். இதே சில்லு ஐ எழுத்தோட வருது. அது இண்டஸ்ட்ரியல். மைனஸ் நாப்பதுல இருந்து எண்பத்தஞ்சு."

"தெரியும் கிருஷா. தெரிஞ்சுதான் போட்டேன். சி சில்லு கொழும்புல எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஐ சில்லுக்கு ஓடர் குடுத்துக் காத்திருக்கணும். எழுபதுக்கு மேல சூடு நம்ம பக்கம் எங்க வரப்போகுது? தை மாசத்துல புல்லு மேல பனி உறையுற ஊரு. நா பயந்தது சைபருக்குக் கீழ போயிருமோன்னுதான். அதுக்காகத்தானே பஞ்சு அட்டை ஒட்டி, பனிமூட்டம் உள்ள போகாம ஓட்டையெல்லாம் அடைச்சேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வினோதம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிறந்ததிலிருந்து குளிரில் கிடக்கிறவனுக்குக் குளிர் மட்டும்தான் எதிரி. பிரதாப் திரையில் விரலை வைத்து, "அதுவுமில்லாம இங்க பாரு, மைனஸ் அறுபத்தஞ்சுல இருந்து நூத்தம்பதுன்னு போட்டிருக்கு" என்றார்.

"அது ஸ்டோரேஜ் மொதலாளி. கரண்ட் இல்லாம பெட்டியில, ஸ்டோர்ல சும்மா கெடக்கறப்ப தாங்குற சூடு. வேலை செய்யறப்ப பாக்க வேண்டியது இந்த வரி." அவள் விரல் இரண்டு வரி தள்ளிப் போனது. "இதுலயும் ஆம்பியன்ட்னு போட்டிருக்கு. ஆம்பியன்ட்னா நுவரெலியா காத்து இல்ல, ட்ரையர் ரூம் காத்தும் இல்ல. சில்லைச் சுத்தி, பெட்டிக்குள்ள இருக்கிற காத்து."

பிரதாப் அந்த வரியை மறுபடி வாசித்தார். பிறகு, "விசாரணையில சொல்லு. கடை பேரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் ட்ரையரில் அதே மாதிரிப் பெட்டி, அதன் மேல் ஒரு துணியும் இல்லை. சிவராசா ஐயாவின் சம்மதத்தோடு அவள் அதற்குள் ஒரு சூட்டுமானியின் கம்பியை விட்டுக் கதவைச் சாத்தினாள். காலையில் அது பதினாலு காட்டியது. அடுப்பு மூட்டிய பிறகு ஏறத் தொடங்கியது. மத்தியானம் ட்ரையர் அறையில் நாற்பத்துநாலு, பெட்டிக்குள் எழுபத்தாறு. பெட்டியை மாட்டியிருந்தது சூட்டுக் காற்றுக் குழாயை ஒட்டிய இரும்பில். போதாததற்கு உள்ளே இருக்கும் டிரான்ஸ்போமரின் சூடும் வெளியே போக வழியில்லை. குளிர் உள்ளே வராமல் ஒட்டிய பஞ்சு அட்டை சூட்டையும் வெளியே விடவில்லை.

விசாரணை தோட்ட மேனேஜரான துரையின் ஒபிஸில் நடந்தது. துரை இளம் ஆள், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர். சிவராசா ஐயா கேள்வி கேட்டார். நல்ல கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, எழுபத்தாறிலை அது கட்டாயம் நிக்குமெண்டு அந்தத் தாளிலை இருக்கோ?"

"இல்லைங்க ஐயா. எழுபது வரைக்கும் ஓடும்னு செஞ்சவங்க பொறுப்பு. அதுக்கு மேல ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஒரு சில்லு ஓடும், அதே பேர்ல இன்னொண்ணு நிக்கும். ரெண்டாம் ட்ரையர் பெட்டி இதுவரைக்கும் ஓடுது, ஒண்ணாம் பெட்டி தூங்குது. அதுக்கு யாரும் பொறுப்பில்லைங்க."

"அப்ப இந்தப் பெட்டி சூட்டாலைதான் நிண்டது எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

அவள் பையிலிருந்து ஒன்றாம் ட்ரையர் பெட்டியின் பலகையை எடுத்து மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தாள். சூட்டை உணரும் கம்பியைத் துரைக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டாள். எழுத்து ஏறியது, வெளியே எடுத்ததும் இறங்கியது. பிறகு தலைமயிர் காய வைக்கும் மெஷினால் பலகைக்குச் சூட்டுக் காற்று அடித்தாள். சில்லுக்குப் பக்கத்தில் சூட்டுமானி. எழுபது தாண்டியது, ஓடியது. எழுபத்தைந்து, ஓடியது. எழுபத்தெட்டுக்கு மேல் போனதும் எழுத்து அப்படியே நின்றது. கம்பியை மறுபடி தேத்தண்ணியில் விட்டாள், எழுத்து அசையவில்லை. ஆற விட்டு, அணைத்துப் போட்டு, மறுபடி செய்து காட்டினாள். மறுபடியும் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. சில்லைக் கழற்றி, ஓடர் கொடுத்துத் தருவித்திருந்த ஐ எழுத்துச் சில்லைச் செருகினாள். எண்பத்துநாலு வரைக்கும் சூடாக்கினாள். எழுத்து தேத்தண்ணியின் சூட்டைச் சரியாகக் காட்டிக்கொண்டே இருந்தது. அதோடு நிறுத்தினாள். அதற்கு மேல் அந்தச் சில்லுக்கும் யாரும் பொறுப்பில்லை என்றாள்.

முத்துலிங்கம் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. சத்தம் போடாமல் ஒரு வழக்கு ஜெயிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கம்பளி?" என்று துரை கேட்டார்.

"கம்பளி போடாத பெட்டியே எழுபத்தாறு காட்டுதுங்க சேர். போட்டா இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா போடாட்டியும் எல்லைக்கு வெளியதாங்க."

துரை தலையாட்டினார். குற்றத்தை விலக்கிக்கொள்வதாக அங்கேயே சொன்னார். எழுந்து போகிற நேரத்தில் சிவராசா ஐயா இன்னொரு கேள்வி கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அவர் வேலை அப்படி.

"இந்த ஐ எழுத்துச் சில்லைப் போட்டால் பெட்டி நாள் முழுக்க நிக்காமல் ஓடுமோ?"

"சில்லு மட்டும் போதாதுங்க ஐயா. பெட்டியில எது ரொம்பக் கம்மியாத் தாங்குதோ அதுதான் பெட்டியோட எல்லை. கெப்பாசிட்டரெல்லாம் நூத்தஞ்சு டிகிரி வகை போடணும், பஞ்சு அட்டையைப் பிச்சு ஓட்டையைத் தொறக்கணும், குழாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி மாட்டணும். அப்ப ஓடும்."

"சூடு கூடினால் என்ரை அறையிலை ஒரு மணி அடிக்கிற மாதிரிச் செய்யேலுமோ?"

"செய்யலாங்க."

"அப்ப பக்கத்திலை ஒராள் நிண்டு பாக்கத் தேவையில்லை?"

அவள் கொஞ்சம் தாமதித்தாள். அந்தத் தாமதத்தை நான் கவனித்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அண்ணன் பக்கம் அவள் திரும்பவும் இல்லை.

"தேவையில்லீங்க" என்றாள்.

புதுப் பெட்டிகள் இரண்டும் வந்து மாட்டிய வாரத்தில் சிவராசா ஐயா என்னைக் கூப்பிட்டார். ட்ரையருக்கு இனி ஒரு ஆள் போதும் என்றார். முத்துலிங்கத்துக்கு வெளி வேலை, மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற இடம் ஒதுக்கியிருந்தார்கள். துரையிடம் போய்ச் சத்தம் போட்டேன். "தலைவரே, வேலையவிட்டு நிறுத்தலையே, வீடும் இருக்கே" என்றார். உண்மைதான். சத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒபிஸ் படியில் இறங்கி வந்தது என் ஆயுசிலேயே அன்றைக்குத்தான்.

இருபது வருசத்துக்கு மேலாக அடுப்புச் சூட்டில் நின்ற உடம்பு அவனுடையது. ஐம்பதை நெருங்குகிற வயதில் மழையில் முட்டளவுச் சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடிக்கப் போனான். முதல் வாரமே இருமல். காளியாயி என்னைக் கண்டால் வாய் திறப்பதில்லை. அவளும் நாத்தனாரைப் போல ஆகிவிட்டாள்.

ஆத்திரம் தாங்காமல் ஹட்டனுக்குப் போனேன். கிருஷாந்தி மேசையில் குனிந்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வரிசையாகப் புதுப் பெட்டிகள். எங்கள் கம்பெனியின் மற்றத் தோட்டங்களுக்கும் பிரதாப்புக்கு ஓடர் கிடைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டியும் எந்த ஃபேக்டரியில் எவனுடைய இடத்தில் போய் உட்காரப்போகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

"இதை நிறுத்தேம்மா" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "நா நிறுத்தினா மொதலாளி வேற ஆள் வச்சுச் செய்வாரு மாமா. அந்த ஆளு கையில கெடைக்கிற சி சில்லையே போட்டுருவாரு. அப்புறம் வேற ஒருத்தியோட அண்ணன் விசாரணையில போய் நிப்பான்."

"உனக்கு வருத்தமே இல்லியா?"

யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியல மாமா. இருக்கணும்னு தோணுது. தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல."

அவள் வேலை முடியும் வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், நானும்.

லயத்துக்கு வந்தபோது முத்துலிங்கம் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தான். உடம்பெல்லாம் சேறு, மழைக்குப் போர்த்திய பொலித்தீனிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல் கிட்டிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால் குந்தி இரண்டு கையையும் நெருப்புக்கு நீட்டியவன் தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வர்ற வழியில ஐயாவைப் பாத்தேன் கிருஷா. நம்ம பெட்டி ஒருநாகூட நிக்கலையாம். நா இருந்த காலத்துல இவ்வளவு ஒழுங்கா என்னைக்கு ஓடிச்சு? என் தங்கச்சி செஞ்சதுன்னு பெருமையாச் சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பின் நடுவில் இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை.

கிருஷாந்தி பையை ஆணியில் மாட்டினாள். அவன் முதுகில் கிடந்த ஈரப் பொலித்தீனை எடுத்து, நீளமாக மடித்தாள். ஒரு மூலை சரியாக வரவில்லை. பிரித்துவிட்டு முதலிலிருந்து மடித்தாள். பிறகு மறுபடியும் பிரித்தாள்.